தெரியாத மொழியில் வரும் ஓடிபி மெசேஜை எப்படிப் புரிந்துகொள்வது?

"பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத் தெரியாத மொழியில் வருது. எண் மட்டும் புரியுது, அதைப் போட்டால் போதுமா?"

போதாது. அந்த எண் எதற்கு என்பதுதான் முக்கியம், அதை மொழி தெரியாமலே ஓரளவு பிடித்துவிடலாம். பணம் செலுத்தும்போது வரும் மெசேஜில் பெரும்பாலும் தொகை, கடையின் பெயர், கார்டின் கடைசி 4 இலக்கம் இருக்கும். நீங்கள் 45.90-க்கு ஏதோ வாங்குகிறீர்கள், மெசேஜில் 45,90 என்று இருக்கிறது என்றால் பதற வேண்டாம், பல நாடுகளில் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள் (அதே வழக்கத்தில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்).

தொகையே இல்லாமல் வெறும் எண் வந்தால் நிறுத்துங்கள். அது உங்கள் கார்டை வேறொரு போனில் சேர்ப்பதற்கோ பாஸ்வேர்டை மாற்றுவதற்கோ வந்ததாக இருக்கலாம். மொழிபெயர்ப்பு ஆப்பில் போடும் முன் எண்ணை அழித்துவிட்டு, மீதி வரியை மட்டும் போடுங்கள்.

பேங்க் ஆப்பில் இரண்டு பட்டனோடு கேள்வி வந்து, எது 'சரி', எது 'வேண்டாம்' என்று தெரியாவிட்டால் எதையும் தொடாதீர்கள். சற்று நேரத்தில் அதுவே காலாவதியாகிவிடும். அப்புறம் கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், மெசேஜில் இருக்கும் எண்ணுக்கு அல்ல.