மூட்டையில் உள்ள எண்ணைப் படியுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு மா நிலத்தில் சம்பா, மத்திய கால ரகம். யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூன்றின் மூட்டைப் படமும் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா என்கிறார். சரியா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: அதிகம். படங்களைத் தெளிவாக எடுத்து அனுப்பியதற்கு நன்றி. உங்கள் கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்துவிடலாம்.

மத்திய கால, நீண்ட கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து. இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 60, 20, 20. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் உங்கள் இரண்டு மாவுக்குத் தழை 40, மணி 13.3, சாம்பல் 13.3 கிலோ வேண்டும். இவை சத்தின் எடை, உரத்தின் எடை இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இப்போது மூட்டைக்கு வருவோம். டிஏபி மூட்டையில் 18-46-0 என்று இருக்கிறது. நூறு கிலோ உரத்தில் தழை 18, மணி 46, சாம்பல் இல்லை என்று பொருள். கணக்கை எப்போதும் மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள். 13.3 கிலோவை நூறால் பெருக்கி 46ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29 கிலோ டிஏபி. அந்த 29 கிலோவே தழைச்சத்து 5 கிலோவைக் கொண்டுவந்துவிடும். மீதி 35 கிலோதான் யூரியாவிலிருந்து வர வேண்டும். யூரியாவில் தழை 46 என்பதால் 76 கிலோ போதும். பொட்டாஷ் மூட்டையில் 60 என்று இருப்பதால் 22 கிலோ.

கடைக்காரர் கணக்கில் உங்கள் நிலத்துக்கு இரண்டு மூட்டை யூரியா ஆகிறது. உங்கள் படத்தில் நிகர எடை 45 கிலோ என்று தெளிவாகத் தெரிகிறது. 2018லேயே யூரியா மூட்டை ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்தாகிவிட்டது. ஆக அவர் சொல்வது 90 கிலோ. டிஏபி தரும் தழைச்சத்தை அவர் கழிக்கவே இல்லை. மிச்சமாகப் போகும் அந்த 14 கிலோ பயிரைக் கரும்பச்சையாகக் காட்டும். பிறகு புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அழைத்து வரும். கடைசியில் பயிர் சாயும்.

டிஏபி முழுவதும் அடியுரம். தழையும் சாம்பலும் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நான்கு சம பங்கு. டிஏபியே 5 கிலோ தழை தருவதால் அடியுரத்தில் யூரியா 10 கிலோ போதும். மற்ற மூன்று முறையும் 22 கிலோ. பொட்டாஷ் ஒவ்வொரு முறையும் ஐந்தரைக் கிலோ. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் இந்தப் பொதுக் கணக்கை விட்டுவிட்டு அதில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20-20-0-13 மூட்டையில் கடைசி 13 சாம்பல் சத்துதானே? பொட்டாஷ் தனியாக வாங்க வேண்டாமே?
– லால்குடி வாசகர்

பதில்: இல்லை. 13 கந்தகம். மூன்றாவது இடத்தில் உள்ள பூஜ்யம்தான் சாம்பல் சத்து. பொட்டாஷ் வாங்குங்கள்.

கேள்வி: டிஏபி வரவில்லை என்று சொல்லி 20-20-0-13 ஒரு மூட்டை கொடுத்தார்கள். "இரண்டும் ஒன்றுதான், அதே அளவு போடுங்கள்" என்றார்கள். கூடவே ஒரு பாட்டில் ஊட்டத் திரவம் வாங்கினால்தான் உரம் என்றார்கள். சம்பா, ஓர் ஏக்கர்.
– பாபநாசம் வாசகர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆத்திரமாக இருக்கிறது. உரம் கெட்டதில்லை, சொன்ன வார்த்தைதான் பொய். ஐம்பது கிலோ டிஏபியில் மணிச்சத்து 23 கிலோ. உங்கள் மூட்டையில் 10 கிலோ. ஏக்கருக்கு 20 வேண்டும் என்பதால் இதே உரம் இரண்டு மூட்டை தேவை. ஒன்றோடு நிறுத்தினால் மணிச்சத்து பாதிதான் போய்ச் சேரும். வேரும் தூரும் பிடிக்கிற நேரத்தில் அந்தக் குறை தெரியும்.

இரண்டு மூட்டை போட்டால் தழை 20 கிலோ அதிலேயே வந்துவிடும். மீதி 40 கிலோவுக்கு யூரியா 87 கிலோ போதும். டிஏபி போட்டிருந்தால் 113 கிலோ ஆகியிருக்கும். உரம் மாறினால் யூரியா அளவும் மாற வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பாட்டிலை உங்கள் தலையில் கட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. விற்பனை இயந்திரத்தில் வந்த ரசீதையும் பாட்டிலுக்கான ரசீதையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பாட்டிலுக்கு ரசீதே தரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: பொட்டாஷ் மலிவாகக் கிடைத்தது. ஏக்கருக்கு 33 கிலோ என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன். மூட்டைப் படம் இணைத்திருக்கிறேன். போடலாமா?
– குளித்தலை வாசகர்

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இதே மூட்டையை நானும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தென்னந்தோப்புக்கு, அவசரமாக, பெயரை மட்டும் பார்த்து. கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த பொட்டாஷ், சாம்பல் சத்து 14.5 சதவீதம். நீங்கள் கணக்குப் போட்டது 60 சதவீத மூரியேட் ஆஃப் பொட்டாஷுக்கு. அதில் ஐம்பது கிலோ மூட்டை 30 கிலோ சத்து தரும். இது தருவது ஏழேகால் கிலோ. உங்களுக்குத் தேவையான 20 கிலோவுக்கு இதில் 138 கிலோ வேண்டும், கிட்டத்தட்ட மூன்று மூட்டை. வாங்கிய 33 கிலோ தரப்போவது ஐந்து கிலோ கூட இல்லை.

இது போலி உரம் இல்லை, அரசு அனுமதித்த உரம்தான். என் கோபமெல்லாம் விற்கும் விதத்தின் மேல். மூட்டை விலையைக் கேட்கிறோம், சத்தின் விலையைக் கேட்பதில்லை. மூட்டை விலையை அதில் உள்ள சத்தின் கிலோவால் வகுத்துப் பாருங்கள். பாதி விலை மூட்டையில் சத்து கால் பங்குதான் என்றால், ஒரு கிலோ சத்துக்கு இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறோம். 2022 முதல் மானிய உர மூட்டைகளில் 'பாரத்' என்ற பெயரும் திட்டச் சின்னமும் ஒரு பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கின்றன. எந்த நிறுவனத்து மூட்டையானாலும் முகம் ஒன்றே. பிரித்துக் காட்டுவது சத்து எண்ணும் நிகர எடையும்தான். அவற்றைத்தான் படம் எடுக்க வேண்டும், மூட்டையின் முகத்தை அல்ல. சாக்கு மடிந்திருந்தால் கையால் நீவி, வெளிச்சத்தில் திருப்பி வைத்து எடுங்கள். 10-26-26இல் மடிப்பு விழுந்து வெறும் 26-26 என்று தெரிந்த படங்கள் எனக்கு வந்திருக்கின்றன.

கேள்வி: பக்கத்து வயல்காரர் போட்டதைப் பார்த்துப் போட்டேன், பயிர் சாய்ந்துவிட்டது. மூட்டையைப் படிக்கவெல்லாம் நேரமில்லை. பட்டாவில் 0.32.50. கடையில் 32 சென்ட் என்றார்கள். எத்தனை மூட்டை என்று மட்டும் சொல்லுங்கள்.
– சீர்காழி வாசகர்

பதில்: சொல்ல மாட்டேன். என்ன உரம் என்றே நீங்கள் எழுதவில்லை. பக்கத்து வயலின் மண்ணும் ரகமும் உங்களுடையவையா? பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. முப்பத்திரண்டரை ஏர்ஸை 2.47ஆல் பெருக்குங்கள். உங்கள் நிலம் 80 சென்ட். ரகத்தின் பெயரையும், சத்து எண் தெரியும்படி மூட்டைப் படத்தையும் அனுப்புங்கள். அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.