60% கூடி 30% குறைந்தால், கூடினதில் பாதி போய்விட்டதா?

கேள்வி: "எங்கட பக்கத்துக் கடையில பருப்பு 60% விலை கூடிச்சு. இப்ப 30% குறைச்சிருக்காங்க. அப்ப ஏறினதில பாதி இறங்கிட்டுது, மிச்சப் பாதி இன்னும் அப்படியே நிக்குது என்றுதானே அர்த்தம்?"

இல்லை. பாதியைவிட நிறையவே இறங்கியிருக்கிறது. ஏறிய தொகையில் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது.

நான் புறக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் குழப்பத்தில் நானே ஒருமுறை கடைக் காசை விட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பருப்பு.

கணக்குக்கு வசதியாக, கிலோ 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 500க்கு 60% என்றால் 300 ரூபா. விலை 800 ஆகிறது. இப்போது 30% குறைக்கிறார்கள். எதில் 30%? பழைய 500இல் இல்லை, இன்றைக்குப் பலகையில் எழுதியிருக்கும் 800இல். அது 240 ரூபா. 800இல் 240 போனால் 560. ஏறியது 300, இறங்கியது 240. பழைய விலையைவிட 60 ரூபாதான் கூடுதல், அதாவது 12%.

எங்கே சறுக்குகிறோம் என்று பாருங்கள். 60, 30 என்ற இரண்டு எண்களையும் கேட்டவுடன், அறுபது வாழைப்பழத்தில் முப்பதைத் தின்றுவிட்ட மாதிரி மனம் கழித்துவிடுகிறது. வாழைப்பழம் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. சதவீதம் அப்படியில்லை. விலை 500ஆக இருந்தபோது ஒரு சதவீதம் 5 ரூபா. விலை 800 ஆனதும் அதே ஒரு சதவீதம் 8 ரூபா. ஏறும்போது ஐந்து ரூபாப் படிகளில் அறுபது படி ஏறியது, இறங்கும்போது எட்டு ரூபாப் படிகளில் முப்பது படி இறங்கியது. படியின் உயரமே மாறிவிட்ட பிறகு, படிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்?

இதே படிக் கணக்கு இன்னொன்றையும் காட்டும். கடைக்காரர் 60% ஏற்றியதை 60% குறைத்தால் பழைய விலைக்கு வருமா? அறுபது எட்டு 480. 800இல் 480 போனால் 320. பழைய விலையைவிட 180 ரூபா குறைவு! எந்தக் கடைக்காரரும் அப்படிக் கொடுக்கமாட்டார். சரியாக 500க்குத் திரும்ப 300 ரூபா இறங்க வேண்டும். எட்டு ரூபாப் படியில் அது முப்பத்தேழரைப் படி, அதாவது 37.5%.

அதனால் பழைய விலைக்குத் திரும்ப எத்தனை சதவீதம் குறைய வேண்டும் என்று பார்க்க, ஏறிய தொகையைப் புதிய விலையால் வகுக்க வேண்டும், பழைய விலையால் அல்ல. 25% ஏறினால் 20% குறைந்தால் போதும். 100% ஏறினால், அதாவது இரண்டு மடங்கானால், 50% போதும். ஏற்றம் எவ்வளவு பெரிதோ, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் அவ்வளவு பெரிது. 2%, 3% என்று சின்னச் சின்னதாக மாறும்போது வித்தியாசம் கண்ணில் படாது. அதனால்தான் சாதாரண நாட்களில் நாம் வெறுமனே கழித்துப் பார்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம்.

பில் போடும் இடத்தில் நான் இப்போது கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. பெருக்குகிறேன். 60% கூடுதல் என்றால் 1.6ஆல், 30% குறைவு என்றால் 0.7ஆல்.

```
500 × 1.6 × 0.7 = 560
```

1.6ஐயும் 0.7ஐயும் பெருக்கினால் 1.12. பழைய விலை என்னவென்றே தெரியாமல், 12% கூடுதல் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம், வரிசை மாறினாலும் விடை மாறாது. முதலில் 30% குறைத்து 350 ஆக்கி, பிறகு அதில் 60% ஏற்றினாலும் அதே 560தான் வரும்.

இனி என் கதை.

சில வருடங்களுக்கு முன், டிசம்பர் மாதம். கடையில் வெந்நீர்ப் போத்தல்கள் தேங்கிக் கிடந்தன. ஒன்றை 1,600 ரூபாவுக்கு வாங்கி, 25% இலாபம் வைத்து 2,000க்கு விற்றுக்கொண்டிருந்தோம். வருட முடிவுக்குள் இடத்தைக் காலி செய்தால் போதும், இலாபம் வேண்டாம் என்பது முதலாளியின் எண்ணம்.

"தம்பி, 25 வீதம் வைச்சுத்தானே விக்கிறம்? அதே 25ஐக் குறைச்சுப் போடு. வாங்கின விலைக்குப் போகட்டும்" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மட்டையில் சிவப்பு மையால் 25% கழிவு என்று நானே எழுதித் தொங்கவிட்டேன். போத்தல்கள் நன்றாகவே போயின. வார முடிவில் இருப்புப் புத்தகத்தையும் காசையும் ஒப்பிட்டபோதுதான் இடித்தது. 64 போத்தல் விற்றிருக்கிறது, வாங்கிய விலைக்கே கணக்குப் பார்த்தாலும் 1,02,400 ரூபா இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தது 96,000. முதலில் எனக்கு வந்த எண்ணம் யாரோ காசில் கை வைத்துவிட்டார்கள் என்பது. கடையில் நிற்கும் பையனைக்கூடக் கொஞ்சம் ஒரு மாதிரிப் பார்த்தேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பில்களை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 1,500 ரூபா. ஒரு போத்தலுக்கு நூறு ரூபா நட்டத்தில் நாங்களேதான் விற்றிருக்கிறோம்.

"400 ரூபாதானே இலாபம் வைச்சம். பிறகு எப்படியப்பா 500 குறைஞ்சது?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. இலாபம் வைத்தபோது 25%ஐ 1,600இன் மேல் வைத்தோம், அது 400. கழிவு கொடுத்தபோது அதே 25%ஐ 2,000இன் மேல் எடுத்தோம், அது 500. அந்தக் கூடுதல் நூறு எங்கிருந்து வந்தது என்றால், நாங்கள் வைத்த 400 ரூபா இலாபத்துக்கும் சேர்த்து 25% கழிவு கொடுத்திருக்கிறோம். 400க்கு 25% என்றால் சரியாக 100. மட்டையில் எழுதியிருக்க வேண்டியது 20%.

வியாபாரிகள் இரண்டு பேர் பேசும்போதும் இதே சிக்கல் வரும். ஒருவர் "25 வீத இலாபம்" என்பார், மற்றவர் "20 வீத இலாபம்" என்பார், இரண்டு பேரும் 1,600க்கு வாங்கி 2,000க்கு விற்பவர்களாகவே இருப்பார்கள். முதலாமவர் வாங்கிய விலையில் கணக்குப் பார்க்கிறார், இரண்டாமவர் விற்கும் விலையில். யார் சொல்வதும் பொய்யில்லை.

வற் வரியிலும் இது நடக்கிறது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் 15%இலிருந்து 18% ஆனது. வரி சேர்த்து 1,150க்கு விற்ற சாமான் 1,180 ஆனது. வாடிக்கையாளர்கள் "மூன்று வீதம் ஏத்திட்டீங்க" என்றார்கள். உண்மையில் அவர்கள் கொடுக்கும் காசு 2.6%தான் கூடியது, ஏனென்றால் 30 ரூபாவை 1,150உடன்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் வரியை மட்டும் பார்த்தால் 150 ரூபா 180 ஆகியிருக்கிறது, அது 20% ஏற்றம். அந்த 'மூன்று' என்பது வரிக்கு முந்திய ஆயிரத்தின் மேல் வைத்த மூன்று. புதிதாகக் கணக்கு எழுத வருபவர்கள் இதைத் திருப்பிச் செய்யும்போது பிழைவிடுவார்கள். 1,180இல் உள்ள வரி எவ்வளவு என்று கேட்டால், 1,180க்கு 18% பார்த்து 212 ரூபா 40 சதம் என்பார்கள். 1,180ஐ 1.18ஆல் வகுத்து 1,000ஐ முதலில் எடுக்க வேண்டும். வரி 180தான்.

உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு சந்தேகமும் இருக்கும் என்று நினைக்கிறேன், கொழும்பில் எல்லோரும் கேட்பதுதான்: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், சாமான் விலை ஏன் குறையவில்லை? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8%. ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில் 1.3%. 69.8 எங்கே, 1.3 எங்கே! விலை அப்படியே சரிந்திருக்க வேண்டும் போலத் தோன்றும்.

ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே விலையின் மேல் நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்கு முந்திய வருடத்து அதே மாதத்துடன் ஒப்பிட்டது. 2021 செப்டெம்பரில் ஒரு கூடைச் சாமான் 100 ரூபா என்று வையுங்கள். 2022 செப்டெம்பரில் அது 169 ரூபா 80 சதம். அடுத்த வருடத்து 1.3% இந்த 169.80இன் மேல்தான் ஏறுகிறது, அதனால் கூடை 172 ரூபாவுக்குக் கிட்ட வருகிறது. இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2013இலிருந்து 2021க்கு மாற்றினார்கள், ஆகவே இப்படிப் பெருக்குவது தோராயமான கணக்கு. இருந்தாலும் படம் இதுதான். பணவீக்கம் குறைந்தது என்றால், ஏறும் வேகம் குறைந்தது என்று அர்த்தம். ஏறியது ஏறியபடியே இருக்கிறது.

2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது, -0.5%. அதுதான் உண்மையான விலை இறக்கம். அதையும் நம் கூடையில் வைத்துப் பார்த்தால் 172 ரூபா 171 சொச்சம் ஆகிறது. பழைய 100 ரூபாவுக்கு அந்தக் கூடை திரும்ப வேண்டுமென்றால், 172இலிருந்து 72 ரூபா இறங்க வேண்டும், அது கிட்டத்தட்ட 42%. ஏறியபோது 72% என்று எழுதிய அதே 72 ரூபாதான் இது.