காணி உறுதியைக் கொடுத்து வாங்கிய கடன்: காணி அவருக்குப் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆரையம்பதி. வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் மாதம் 5 வீத வட்டிக்கு 5 லட்சம் கடன் வாங்கினேன். முதல் மாத வட்டியைக் கழித்து 4,75,000 ரூபாய்தான் தந்தார். வெற்று வாக்குறுதிச் சீட்டில் கையெழுத்து வாங்கி, வளவின் உறுதியையும் வைத்துக்கொண்டார். எட்டு மாதம் வட்டி கட்டினேன், இப்போது முடியவில்லை. “உறுதி என் கையில, வளவு எனக்குத்தான்” என்கிறார். வீட்டை விட்டுப் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டாம், சகோதரி. உறுதித்தாள் அவர் கையில் இருப்பதால் மட்டும் காணி அவருக்கு ஈடாகிவிடாது. நம் நாட்டில் காணியை ஈடு வைப்பதென்றால் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு, ஈட்டு உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களுடையது ஈடில்லாத கடன்.

ஆனால் ஒன்றை முதலில் உறுதிப்படுத்துங்கள். கடன் வாங்கிய நாளில் நொத்தாரிசிடம் போய் வேறு எதிலாவது கையெழுத்து வைத்தீர்களா? ஈடு என்று நினைத்து அறுதி உறுதியில், அதாவது விற்பனை உறுதியில், கையெழுத்து வைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். மட்டக்களப்பு காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். ஈடோ விற்பனையோ பதிந்திருந்தால் அதில் தெரியும். பதியாத உறுதியும் இருக்கலாம் என்பதால், நொத்தாரிசிடம் போன ஞாபகம் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். உங்கள் உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும் பதிவகத்திலேயே எடுக்கலாம். விற்பனை உறுதி இருப்பது தெரிந்தால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். கடனுக்காகத்தான் எழுதியது, விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்ட நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவில் வழி உண்டு. நீங்கள் தொடர்ந்து அங்கேயே குடியிருப்பதும், எழுதிய விலை காணியின் பெறுமதிக்கு மிகக் குறைவாக இருப்பதும் அதற்கு உதவும்.

சரி, அப்படி எதுவும் இல்லை என்று வைப்போம். அவர் வாக்குறுதிச் சீட்டைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த வழக்கைச் சுருக்க நடைமுறையில் போட முடியும். அதில் எதிர்த்து வழக்காட நீங்களே நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும், அதற்குத் தரும் காலமும் குறைவு. அழைப்பாணையை வாங்கி அலுமாரியில் வைத்தால் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடும்.

உங்களுக்குச் சொல்ல நல்ல பதில் இருக்கிறது. 1918 ஆம் ஆண்டின் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின்படி, உண்மையில் கடனாகக் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த 25,000 கழித்ததும், 5 வீதமும் அதில் இருந்திருக்க வேண்டும். வெற்றுச் சீட்டை வாங்கிப் பிறகு தன் விருப்பத்துக்கு நிரப்பியவர் அந்தச் சீட்டை வைத்துப் பணம் அறவிடுவது கடினம். வட்டி அளவுமீறியது என்று கண்டால் நீதிமன்றம் கணக்கையே மறுபடி திறந்து பார்க்கலாம். நீங்கள் கட்டிய 2 லட்சம் அப்போதுதான் கணக்கில் வரும். ஆகவே திகதி, தொகை, யார் முன்னால் கொடுத்தீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். இனிக் கொடுப்பதை வங்கி வழியாக அனுப்புங்கள்.

கடனே இல்லை என்று ஆகிவிடாது. சீட்டு விழுந்தாலும் பணம் தந்ததை வேறு விதமாக நிரூபிக்க அவர் முயலலாம். அவருக்குத் தீர்ப்புக் கிடைத்து, நீங்கள் கட்டாவிட்டால், பிஸ்கால் மூலம் உங்கள் பெயரிலுள்ள சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அதில் இந்த வளவும் அகப்படலாம். ஈடில்லாத கடன் என்றால் காணிக்கு ஆபத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு வரும் வரை அவருக்குக் காணியில் தனி உரிமை இல்லை, அவ்வளவுதான். பயத்தில் காணியைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றவும் வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏமாற்ற மாற்றியதென்று கண்டால் நீதிமன்றம் அதை இரத்துச் செய்யும்.

முறையான ஈட்டு உறுதி எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்போது அவர் ஈட்டு வழக்குப் போட்டு அந்தக் காணியையே விற்பிக்கலாம், உங்களுக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன்னால் அந்தப் பணம் அவருக்குச் சேரும். அப்போதும் காணி தானாக அவருடையதாகாது. கட்டாவிட்டால் காணி எனக்கே என்று எழுதிய நிபந்தனை செல்லாது. விற்றுக் கடன் போக மிஞ்சியது உங்களுக்கு, குறைந்தால் மீதியை உங்கள் மற்றச் சொத்தில் கேட்பார். வழக்கே இல்லாமல் ஈட்டுக் காணியை ஏலம் விடும் அதிகாரம் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தில் வங்கிகளுக்குத் தந்தது, வட்டிக்காரருக்கு இல்லை.

அழைப்பாணை வந்தால் அன்றே சீட்டுப் பிரதியோடு சட்டத்தரணியிடம் போங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் கேளுங்கள். அவர் ஆள் கூட்டி வந்து வெளியேற்றப் பார்த்தால் பொலிஸில் முறையிடுங்கள்.