இருப்பாய்வு சமன், ஆனாலும் கணக்கில் தவறு

"போன வருஷக் கணக்கை முடித்த பிறகு, கடைக்கு வாங்கிய எடை மெஷினை கொள்முதலில் எழுதியிருந்தது தெரிந்தது. இருப்பாய்வு சரியாகத்தானே வந்தது? இப்போது எப்படித் திருத்துவது?"

சரியாகத்தான் வரும். பற்றும் வரவும் ஒரே தொகையில் விழுந்துவிட்டால், எந்தக் கணக்கில் விழுந்தது என்று இருப்பாய்வு பார்க்காது. உங்களுடையது விதிப்பிழை, அதாவது சொத்தாக எழுத வேண்டியதைச் செலவாக எழுதியது. பில்லையே எழுதாமல் விட்டாலும், ஒருவர் பற்றை இன்னொருவர் பேரில் ஏற்றினாலும், இரண்டு தவறு ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் இதே கதைதான்.

கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றில் இதே தவறு: ஏப்ரலில் வாங்கிய 18,000 ரூபாய் மெஷின். பலர் உடனே கொள்முதலை வரவு வைத்துவிடுவார்கள். அது தப்பு, ஏனென்றால் போன வருஷக் கொள்முதல் கணக்கு அப்போதே மூடியாச்சு, இப்போது வரவு வைத்தால் இந்த வருஷ லாபம் சும்மா 18,000 ஏறும்.

மெஷின் கணக்கைப் பற்று வைத்து, போன வருஷ லாபத்தைத் திருத்துவதற்கான இலாப நட்டச் சரிக்கட்டுக் கணக்கை வரவு வையுங்கள். அப்புறம் விட்டுப்போன தேய்மானம் (இதைத்தான் மறந்துவிடுவார்கள்): 15 சதவீதம் என்றால் 2,700, சரிக்கட்டுக் கணக்கில் பற்று, மெஷினில் வரவு. மீதி 15,300 முதலாளியின் மூலதனக் கணக்குக்குப் போகும். இருப்பாய்வு சமனாகாதபோது வித்தியாசத்தைப் போட்டு வைக்கும் அனாமத்துக் கணக்குக்கு இங்கே வேலையே இல்லை.