மழைக்கு வாக்கிங் பேட் வாங்கலாமா?

கேள்வி: தினமும் சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றி வருவேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை, நடை நின்றுபோய்விட்டது. வயது 57. சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். படி இறங்கும்போது வலது முட்டி கொஞ்சம் வலிக்கும். கடையில் வாக்கிங் பேட் 18,500 ரூபாய், மாதத் தவணையில் தருகிறோம் என்கிறார்கள். அது வேண்டாம் என்றால் 4,000 ரூபாய்க்கு மினி ஸ்டெப்பர் இருக்கிறதாம், பத்து நிமிஷம் மிதித்தால் ஒரு மணி நேரம் நடந்த கணக்காம். என் வீட்டுக்காரரோ, "வீட்டுக்குள்ளேயே 16 படி இருக்கு, அதில் ஏறி இறங்கு, காசு மிச்சம்" என்கிறார். எதைக் கேட்பது?
– ஒரு வாசகி, அனுப்பானடி

பதில்: இரண்டு மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. ஏறுவது சரி, உங்கள் முட்டிக்கு இறங்குவதுதான் சிக்கல்.

தெப்பக்குளத்தில் நீங்கள் என்ன செய்து வந்தீர்கள் என்று முதலில் பார்ப்போம். குளம் ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், மறுபக்கம் சுமார் 290 மீட்டர். அப்படியென்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், மூன்று சுற்றுக்கு மூன்றரைக்குச் சற்று மேல். கொஞ்சம் வேகமாக நடப்பவருக்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும், நிமிடத்துக்கு 100, 110 அடி விழும். வீட்டுக்குள் ஈடுகட்ட வேண்டியது தூரத்தை அல்ல, இந்த நேரத்தையும் இந்த வேகத்தையும்தான். நிமிடத்துக்கு 100 அடிக்குக் கீழே போனால் அது வீட்டுக்குள் உலாத்துவது. நடைப்பயிற்சிக் கணக்கில் சேராது.

இதற்கு முதுகெலும்பு நின்ற இடத்தில் நடை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் சொல்வாரே, 'மார்க் டைம்', அதேதான். எல்லோரும் செய்கிற தவறு, முட்டியைத் தூக்காமல் குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி வைப்பது. நின்ற இடத்தில் உடம்பை முன்னால் தள்ளும் வேலை இல்லாததால், காலைத் தூக்குவது ஒன்றுதான் உழைப்பு. அதையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் ஆட்டம். எவ்வளவு தூக்குவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. சுவர் ஓரமாக நின்று, முட்டிச் சில்லுக்கும் இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவில் வரும் உயரத்தைப் பார்த்து, சுவரில் ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முட்டி அந்த உயரம் வரை வர வேண்டும். பெரியவர்களின் தாக்குப்பிடிக்கும் திறனைப் பார்க்க இரண்டு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு, அதிலும் இதே உயரம்தான். உங்களால் முடியாவிட்டால் கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முட்டி போகிற வரை போகட்டும்.

வேகத்தைப் பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும். 15 விநாடிக்கு இரண்டு காலும் சேர்ந்து 25 முதல் 28 அடி விழுந்தால் சரியான வேகம். மூச்சையும் கவனியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடவும் முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் தூக்கலாம், நாலு வார்த்தை சேர்ந்து பேச முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். போனில் எத்தனை அடி காட்டுகிறது என்று பார்ப்பவர்கள், போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தால் அது பூஜ்யம் என்றுதான் சொல்லும். சேலையில் பாக்கெட்டும் கிடையாது. நேரத்தை வைத்து எண்ணுவதே நல்லது. கால் விழும்போது 'தொம் தொம்' என்று சத்தம் கேட்டால் குதிகாலில் இறங்குகிறீர்கள். முன்பாதம் முதலில் பட்டு, பிறகு குதிகால் படட்டும். முட்டிக்கும் நல்லது, கீழ் போர்ஷனில் இருப்பவர்களும் மேலே வந்து கேட்க மாட்டார்கள்.

இனி படி. படி ஏறுவது நல்ல உழைப்பு. வேகமாக ஏறினால் நடையைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மெதுவாக ஏறினால் நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இறங்குவது ஏறத்தாழ நடைக்குச் சமம். வீட்டுப் படியில் ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும், பாதி நேரம் இறக்கத்திலேயே போய்விடும். ஆகவே பத்து நிமிடத்தில் ஒரு மணி நேர நடை என்ற கணக்கு படிக்கே சரிவராது. படியைவிடக் குறைவான தூரம் கால் போய்வருகிற ஸ்டெப்பருக்கு எப்படிச் சரிவரும்?

இறங்கும்போது முட்டி வலிப்பது ஏன் என்றால், தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுவது அப்போதுதான். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே அரை மணி நேரம் ஏறி இறங்கினால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதே பாடாகிவிடும். அது தசை வலி, தானே சரியாகும். முட்டி மறுநாள் காலையிலும் வலிக்கிறது, அல்லது வீங்கி இருக்கிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு முழு மாடிப்படி வேண்டாம். அடியில் உள்ள ஒரே ஒரு படியைப் பயன்படுத்துங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதம் முழுவதும் படியின் மேல் இருக்கும்படி இடது காலை வைத்து ஏறுங்கள், வலது காலைச் சேருங்கள். இறங்கும்போது வலது கால் முதலில் தரைக்கு வரட்டும். எடையைப் பிடித்து இறக்குவது மேலே நிற்கிற கால்தான் என்பதால், அந்த வேலை நல்ல முட்டிக்குப் போகிறது. வலிக்கிற கால் கீழே, நல்ல கால் மேலே, இவ்வளவுதான் கணக்கு. ஒரு நடைக்கு நடுவே மூன்று, நான்கு நிமிடம் இதைச் செய்தால் போதும். பல வீடுகளில் மொட்டை மாடிப் படி வெளியே வானம் பார்த்து இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதில் பாசி பிடித்திருக்கும், அந்தப் படியில் பயிற்சியே வேண்டாம். உங்கள் படி உள்ளே இருப்பது அதிர்ஷ்டம்.

நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்தால் சலிப்பு வரும், அதற்குத்தான் ஆட்டம். கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹாலில் நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் ஒரு அடி, கால் சேர்ப்பு, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. தலை சுற்றும் என்றால் குனிய வேண்டாம். ஒயிலாட்டத்தில் வருவதுபோல் முன்னால் நாலு அடி, பின்னால் நாலு அடியும் நல்லது. பக்கவாட்டிலும் பின்னாலும் வைக்கும் அடி, சாதாரண நடையில் வேலை செய்யாத இடுப்புத் தசைகளை எழுப்பும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தாளத்தை 15 விநாடி எண்ணிப் பாருங்கள், 25 முதல் 30 தட்டு வந்தால் பொருந்தும். அதற்கு மேல் போகிற குத்துப்பாட்டுக்கு ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு அடி வைக்கலாம். செய்யக் கூடாதது ஒன்றுதான், பாதம் தரையில் ஊன்றி இருக்க உடம்பைத் திருப்புவது. திரும்ப வேண்டுமானால் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்புங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சுகர் உள்ளவர்களுக்குப் பிரித்துச் செய்வதில் கூடுதல் லாபம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் நடந்தால், அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை அவ்வளவு ஏறாது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து 13, 14 நிமிடம். முதல் இரண்டு நிமிடம் மெதுவான நடை, அப்புறம் ஆறு நிமிடம் டேப் உயரத்துக்கு, பிறகு ஒரு வேளை படி, மற்ற வேளைகளில் கும்மி, கடைசியில் மூச்சு அடங்கும் வரை மெது நடை. தெப்பக்குளத்து மூன்று சுற்று இங்கே முடிந்துவிடும். சில சுகர் மாத்திரைகள் வெறும் வயிற்றில் உழைத்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும், உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பதுதான், தொடர்வது அல்ல.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி ஷூ வாங்குங்கள். மழைக்காலத்தில் டைல்ஸ் தரை ஈரம் கோத்துக்கொண்டு வழுக்கும், சாக்ஸோடு ஆடினால் இன்னும் மோசம். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலில் இத்தனை அடி வைப்பதும் சரியில்லை. கடையில் அடிப்பகுதியை மடக்கிப் பாருங்கள், விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம்.

மெஷின்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மினி ஸ்டெப்பரில் எதிர்ப்பைத் தருவது எண்ணெய் நிரப்பிய இரண்டு சிலிண்டர்கள். தொடர்ந்து மிதித்தால் அவை சூடாகி இளகிவிடும். ஒரேயடியாக எத்தனை நிமிடம் மிதிக்கலாம் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதைக் கடையில் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் முட்டிக்கு அது எனக்குப் பிடித்த பொருளும் அல்ல. வாக்கிங் பேட் அப்படி மோசமில்லை. ஆனால் கைப்பிடி இல்லாத மாடலில் தடுமாறினால் பிடிக்க எதுவும் இராது. கைப்பிடி உள்ளதுதான் உங்களுக்கு ஆகும். அடுத்த வருஷமும் இதே யோசனை இருந்தால், கடையிலேயே உங்கள் செருப்போடு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். அடி குறுகுகிறது என்றால் பெல்ட் உங்களுக்கு நீளம் போதவில்லை. பலகையில் எழுதியிருக்கும் குதிரைசக்தி பெரும்பாலும் உச்ச அளவு, 'தொடர்ந்து இயங்கும் சக்தி எவ்வளவு' என்று கேளுங்கள். வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, பெல்ட்டுக்கும் போர்டுக்குமா, பழுதானால் மெக்கானிக் மதுரையிலேயே வருவாரா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் வரியும் இருக்கலாம், மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள். ஆனால் இது குறையுள்ள பொருளுக்குத்தான். பிடிக்கவில்லை, மழை நின்றுவிட்டது என்பதற்கெல்லாம் கடைக்காரர் திரும்ப வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும், பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் கையில் இருக்கட்டும்.