சட்டைக்கும் ஸ்கார்ஃபுக்கும் ஒரே விதி இல்லை

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு சட்டையும் ஒரு பட்டு ஸ்கார்ஃபும் வாங்கினேன். சட்டையில் ‘மேட் இன் ஸ்ரீலங்கா’ என்றும், ஸ்கார்ஃபில் ‘மேட் இன் இத்தாலி’ என்றும் இருக்கிறது. இரண்டின் துணியும் சீனாவில் நெய்தது என்று கடைக்காரரே சொல்கிறார். இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: சட்டையில் ஏமாற்று இல்லை. ஸ்கார்ஃபைப் பற்றி அப்படி உடனே சொல்லிவிட முடியாது. அதற்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும்.

முதலில் சட்டை. வெட்டித் தைக்கும் உடை எங்கே முழுமையாகத் தைத்து இணைக்கப்பட்டதோ அந்த நாடுதான் அதன் பிறப்பிடம் என்பது அமெரிக்கச் சுங்க விதி. பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றது, துணி எங்கே நெய்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. 1996 ஜூலைக்கு முன்பு துணியை வெட்டிய நாட்டுக்கே அந்தப் பெயர் கிடைத்துவந்தது. கட்டிங் மேசை ஒரு நாட்டிலும் தையல் இயந்திரம் வேறொரு நாட்டிலும் இருந்தபோது, அத்தனை கையுழைப்பும் நடந்த இடத்தின் பெயர் லேபிளில் வராமல் போனது. தைத்தவர்களின் நாட்டைச் சொல்லும் இப்போதைய விதியே நியாயமானது என்பது என் கருத்து.

உங்கள் சட்டையின் காலரும் கைப்பட்டியும் சீனாவிலேயே தைத்து வந்திருந்தாலும் லேபிள் மாறாது. காலர், கைப்பட்டி, பாக்கெட் போன்றவை சிறு பாகங்கள். பட்டனும் எம்பிராய்டரியும் சிறு அலங்காரங்கள். முன்பக்கம், முதுகு, கை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்த இடம்தான் முக்கியம். இந்தப் பெரிய இணைப்புகளே இரண்டு நாடுகளில் நடந்திருந்தால், அவற்றுள் மிக முக்கியமான தையல் நடந்த நாட்டின் பெயரைப் போட வேண்டும். ஸ்வெட்டர் மட்டும் வேறு ரகம். அதன் பாகங்கள் அந்தந்த வடிவத்திலேயே பின்னப்பட்டிருந்தால், பின்னிய நாடுதான் பிறப்பிடம். பிறகு எங்கே இணைத்தாலும் அது மாறாது.

இனி ஸ்கார்ஃப். அதில் தையல் என்று சொல்ல என்ன இருக்கிறது? நான்கு ஓரங்களை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. அந்த ஓரத் தையலுக்காக ஒரு நாட்டின் பெயரைக் கொடுத்தால் லேபிளுக்கு அர்த்தமே இருக்காது. ஆகவே ஸ்கார்ஃப், படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குத் துணி உருவான நாடுதான் பிறப்பிடம் என்ற விதியும் அதே 1996இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உங்கள் ஸ்கார்ஃப் சீனப் பொருளாக இருந்திருக்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இதை எதிர்த்தது. சாயமும் அச்சும்தான் பட்டு ஸ்கார்ஃபின் உயிர், அந்த வேலை எங்களுடையது என்பது அவர்கள் வாதம். அதன் பிறகு 2000இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. பட்டு ஸ்கார்ஃபுக்குச் சாயமிடுதல், அச்சிடுதல் இரண்டும் ஒரே நாட்டில் நடந்து, அவற்றோடு வெளுத்தல், சுருங்கவைத்தல், நிரந்தரமாக விறைப்பேற்றுதல் போன்ற முடிப்பு வேலைகளில் குறைந்தது இரண்டு நடந்திருந்தால், அந்த நாட்டின் பெயரைப் போடலாம். பருத்தி ஸ்கார்ஃபுக்கு இந்தச் சலுகை கிடையாது.

எனவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘இத்தாலியில் இதற்கு என்னென்ன செய்தார்கள்?’ வெள்ளைப் பட்டாக வந்த துணிக்கு அங்கேதான் சாயமேற்றி, அச்சிட்டு, முடிப்பு வேலைகளும் செய்தார்கள் என்றால் லேபிள் சரி. சாயமும் அச்சும் சீனாவிலேயே முடிந்து, ஓரம் மட்டும் இத்தாலியில் தைக்கப்பட்டிருந்தால் அது பொய் லேபிள். ‘இத்தாலியில் வடிவமைக்கப்பட்டது’ என்று அவர் பதில் சொன்னாலும் ஏற்காதீர்கள். வரைபடம் போட்ட ஊர் பிறப்பிடம் ஆகாது.

அந்நிய நாட்டில் தைத்த உடையில் துணி எங்கிருந்து வந்தது என்று லேபிளில் சொல்லும் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் தைத்ததற்கு அந்தக் கட்டாயம் உண்டு: துணி வெளிநாட்டினுடையது என்றால் ‘மேட் இன் யூஎஸ்ஏ ஆஃப் இம்போர்ட்டட் ஃபேப்ரிக்’ போன்ற வாசகம் இருக்க வேண்டும். அங்கும் ஒரு படிதான் பின்னோக்கிப் பார்ப்பார்கள். துணி அமெரிக்காவில் நெய்யப்பட்டு, நூல் மட்டும் வெளியிலிருந்து வந்திருந்தால் வெறும் ‘மேட் இன் யூஎஸ்ஏ’ போதும். லேபிளில் உள்ள ஆர்என் எண்ணைப் பார்த்து அமெரிக்கத் தயாரிப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது அமெரிக்காவில் அந்தப் பொருளைத் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் அல்லது விற்கும் நிறுவனத்தின் பதிவு எண். உடை எங்கே பிறந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஸ்கார்ஃபின் லேபிளை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் அடியில் வேறொரு லேபிளின் விளிம்போ, பிரித்தெடுத்த பழைய தையலின் ஊசித் துளைகளோ தெரிந்தால் படம் எடுத்து, ரசீதுடன் சேர்த்து வையுங்கள். கடைக்காரரின் பதிலும் திருப்தியாக இல்லையென்றால், அமெரிக்கச் சுங்கத் துறையின் இணையதளத்தில் அவற்றை வைத்துப் புகார் பதியலாம்.