"தெரு கொஞ்சம் ஈரமா இருக்கு": குறைத்துச் சொல்வதில் உள்ள சிரிப்பு பற்றிய கேள்வி பதில்

செம்பனை ஆலைத் தொழிலாளி ஒருவர்: போன மழைக்காலத்தில் எங்கள் கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பசியாறப் போனோம். சாப்பாட்டுக் கடை அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "தெரு கொஞ்சம் ஈரமா இருக்கு, பார்த்து வாங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சொன்னது பொய்தானே ஐயா, பிறகு ஏன் சிரிப்பு வந்தது?

பதில்: அதைப் பொய் என்று சொல்ல முடியாது. முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெரு ஈரமாகவும்தான் இருக்கிறது. ஈரம், சொதசொதப்பு, தேக்கம், வெள்ளம் என்று ஒரே ஏணியில் படிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்காரர் மேல்படியில் நின்றுகொண்டு கீழ்ப்படியின் பெயரைச் சொன்னார். "தெரு நல்லா காய்ஞ்சு கிடக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் அது நேர் எதிராகச் சொல்லும் எள்ளல் ஆகியிருக்கும். "கடலே ஊருக்குள்ள வந்துடுச்சு" என்றிருந்தால் உயர்வு நவிற்சி. இந்த இரண்டிலும் பேசுகிறவரே வேலை முழுவதையும் செய்து முடித்துவிடுகிறார். குறைத்துச் சொல்லும்போது, சொன்ன படிக்கும் கண்ணெதிரே தெரியும் படிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கேட்கிறவர்தான் தம் மனத்தில் ஏறிக் கடக்கவேண்டியிருக்கிறது, அப்படிக் கடந்த அந்தக் கணத்தில்தான் சிரிப்பு வருகிறது. நகைச்சுவையில் பாதியை நீங்களே செய்தீர்கள் என்பது என் துணிபு.

நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு பகுதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. "பார்த்து வாங்க" என்பதுதான் அது. தரையைத் துடைத்துவிட்டு நிற்கும் ஒருவர், வழுக்கிவிடப் போகிறதே என்று வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் சொல் அது. அதைச் சேர்த்ததால், ஒரு வாளித் தண்ணீர் சிந்திய சிறிய சந்தர்ப்பத்திற்கு உரிய வாக்கியம் முழுவதும், அதன் அக்கறையோடும் சாதாரணத் தொனியோடும், வெள்ளத்தின் நடுவே வந்து நின்றுவிட்டது. "கொஞ்சம்" என்ற ஒரு சொல்லால் மட்டும் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது. வேண்டுமானால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். அதே வாக்கியத்தில் "கொஞ்சம்" என்பதைக் "கொஞ்சூண்டு" என்று மாற்றி, கண்ணையும் சிமிட்டிச் சொன்னால் சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று சொல்கிறவரே அறிவித்துவிட்டால், கேட்கிறவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர்: இதற்கு இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்று பெயர் இருக்கிறது. ஆனால் இப்படி அடக்கிப் பேசும் பழக்கம் நமக்கு வெள்ளைக்காரத் துரைமார்களிடமிருந்து வந்தது. பெரட்டுக்களத்தில் நானே கேட்டிருக்கிறேன்.

பதில்: துரைமார்கள் அப்படிப் பேசினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆங்கிலேயர்களிடம் அது நன்கு அறியப்பட்ட ஒரு பேச்சு முறை. ஆனால் அவர்கள் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது நம்மிடம் இருந்தது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த அகன்ற மாளிகையில் இருக்கின்றன என்று ஔவை சொல்கிறார். அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தியதால் நுனி சிதைந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார். ஒரு சொல்லும் பொய் இல்லை, ஒரு சொல்லும் கடுமை இல்லை. எந்த வேல் போர்க்களம் கண்டது என்ற கணக்கைத் தொண்டைமானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஔவையின் பாட்டை வஞ்சப் புகழ்ச்சி என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் அங்கே புகழ்வதுபோல் காட்டிப் பழிக்கும் பொருள் இருக்கிறது. "தெரு கொஞ்சம் ஈரம்" என்பதில் யாரும் புகழப்படவும் இல்லை, பழிக்கப்படவும் இல்லை, அளவு மட்டுமே குறைந்திருக்கிறது. அதனால் உயர்வு நவிற்சிக்கு எதிர்ப்பக்கமாகக் குறைநவிற்சி என்ற பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புதிதாகத் திருமணமான பெண் ஒருவர்: என் மாமியார் என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு லேசா தூக்கலா இருக்கும்மா" என்பார். ருசி பார்த்தால் வாயில் வைக்க முடியாது. அவரும் என்னை இப்படித்தான் கேலி செய்கிறாரா?

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன். அளவைக் குறைத்துச் சொல்வது இரண்டு இடங்களிலும் ஒன்றுதான், ஆனால் நோக்கம் தலைகீழானது. கடைக்காரர் நீங்கள் அந்தத் தூரத்தை அளந்து பார்க்கவேண்டும் என்று விரும்பினார். உங்கள் மாமியார் நீங்கள் அளக்காமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறார், ஏனென்றால் அளந்தால் உங்கள் மனம் நோகும். அது மரியாதைக்காகச் செய்யும் மென்மைப்படுத்தல். வேறுபாட்டைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வேடிக்கைக்குச் சொல்கிறவர் சொல்லி முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். மென்மைப்படுத்துகிறவர் சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார், அல்லது "நாளைக்குக் குறைச்சுப் போடு" என்று வழியும் சொல்லிவிடுவார். உங்கள் மாமியார் "அம்மா" என்று சேர்த்துச் சொல்வதையும் மறந்துவிடாதீர்கள்.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஒருவர்: வெள்ளம் வந்த இரவில் அப்பா வாட்ஸ்அப்பில், "வீட்டுல கொஞ்சம் ஈரம், வேற ஒண்ணுமில்ல" என்று எழுதினார். நான் நம்பித் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர், குளிர்சாதனப் பெட்டி மிதந்திருக்கிறது. எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. குறைத்துச் சொல்வது வேடிக்கையாக வேண்டுமென்றால், சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கடைத்தெருவில் எல்லோருடைய முழங்காலும் நனைந்திருந்தது, அதனால் அளவு யாருக்கும் மறைவாக இல்லை. நீங்கள் கோலாலம்பூரில் இருந்தீர்கள். உங்களுக்கு மேல்படி தெரியவில்லை, கீழ்ப்படியின் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. அப்போது அந்த வாக்கியம் வெறும் செய்தியாகிவிடுகிறது, அதுவும் தவறான செய்தியாக. எழுத்தில் குரலின் சமமான தொனியும் முகமும் இல்லாததால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

உங்கள் அப்பா வேடிக்கை செய்தாரா, உங்களைக் கவலையிலிருந்து காப்பாற்ற நினைத்தாரா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. "வேற ஒண்ணுமில்ல" என்ற பின்பகுதி இரண்டாவதையே காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் மழை பெய்யும் இரவில் அவரிடம், "எத்தனாவது படிக்கட்டு வரைக்கும் தண்ணி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் "கொஞ்சம்" என்று பதில் சொல்ல முடியாது.

லோரி ஓட்டுநர் ஒருவர்: எங்கள் வரிசை வீடுகளில் மெத்தை, பள்ளிப் புத்தகம் எல்லாம் போய்விட்டது. பார்க்க வந்த ஓர் அதிகாரி, "சிறிது நீர் தேங்கியுள்ளது" என்றார். அடிக்கப் போய்விட்டோம். கடைக்காரர் சொன்னால் சிரிப்பு, அவர் சொன்னால் கோபம். சொல் ஒன்றுதானே?

பதில்: சொல் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. அண்ணனின் காலும் தண்ணீரில் இருந்தது, அவருடைய அரிசி மூட்டைகளும் நனைந்துகொண்டிருந்தன. தம்முடைய இழப்பைத் தாமே சிறிதாக்கிப் பேச ஒருவருக்கு உரிமை உண்டு, பிறருடைய இழப்பைச் சிறிதாக்க உரிமை கிடையாது. அது மட்டுமல்ல. அண்ணனின் வாக்கியத்தை யாரும் உண்மை அளவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதிகாரியின் வாக்கியம் அறிக்கையில் ஏறும், நிவாரணத்தை முடிவு செய்யும். கீழ்ப்படியின் பெயரை அவர் கீழ்ப்படியாகவே நம்பவைக்கப் பார்க்கிறார் என்று நீங்கள் அஞ்சினீர்கள். அந்த அச்சம் சரியானது.

இன்னோர் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததுபோல் உயிர்கள் போன வெள்ளத்தில், தண்ணீரில் நின்றவரே சொன்னாலும் இந்தப் பேச்சு எடுபடாது. தூரம் அவ்வளவு பெரிதாகும்போது கேட்கிறவர் ஏறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறார். மறுமுனையில், கணுக்கால் அளவுத் தண்ணீரைக் "கொஞ்சம் ஈரம்" என்றால் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அது ஏறக்குறைய உண்மையான அளவே.

தமிழ்ப்பள்ளி மாணவியின் தாய்: என் ஐந்து வயது மகள், "கடை மாமா பொய் சொல்றாரு" என்று அழுகிறாள். எப்படி விளக்குவது?

பதில்: இப்போது விளக்கவேண்டாம். சொன்னதற்கும் நினைத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறு வயதுவாக்கில்தான் உணரத் தொடங்குகிறார்கள். அதில் வேடிக்கை இருக்கிறது என்பது இன்னும் பின்னால்தான் புரிகிறது. "மாமாவுக்கும் தண்ணி தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கிராணி மீண்டும்: ஔவையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன ஏணிக் கணக்கு போதாது. அதே அண்ணன் ஒவ்வொரு வெள்ளத்திலும் அதே வாக்கியத்தைச் சொல்கிறார். விடை தெரிந்த கணக்குக்கு ஏன் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறோம்?

பதில்: இது என்னை உண்மையாகவே நிறுத்திய கேள்வி. பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1975-இல் வெளியான தம் கட்டுரையில் காட்டிய வழிதான் என் ஏணியின் அடிப்படை. பேசுகிறவர் பொருளில்லாமல் பேசமாட்டார் என்று நம்புகிற நாம், சொல் பொருந்தாதபோது வேறு பொருளைத் தேடுகிறோம் என்பார் அவர். நீங்கள் சொல்வதுபோல், தேடவேண்டிய தேவை இல்லாத இடத்தில் அது போதாது.

டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரி வில்சனும் 1981-இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். எள்ளலாகப் பேசுகிறவர் தம் சொந்தக் கருத்தைச் சொல்வதில்லை, யாரோ நினைத்த அல்லது சொன்ன ஒன்றை எதிரொலித்து, அது எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டுகிறார் என்பது அவர்கள் கருத்து. நம் ஊருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும், "இந்தத் தடவை தெரு கொஞ்சம் நனையும், அவ்வளவுதான்" என்று நாம் எல்லோரும்தான் நம்பிக்கையோடு சொல்லிக்கொள்கிறோம். அண்ணன் அந்த நம்பிக்கையைத்தான் நமக்கே திருப்பிச் சொல்கிறார் என்றால், வாக்கியம் பழையதாக இருந்தாலும் நம்பிக்கை ஆண்டுதோறும் புதிதாக உடைகிறது.

ஆனால் ஔவையின் பாட்டில் எதிரொலிக்கப்படுவது தொண்டைமானின் பெருமிதமா, வேறு ஏதாவதா என்று கேட்டால் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனிடமே ஒரு முறை கேட்டேன். "ஈரமாத்தானே சார் இருந்துச்சு" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.